விடுதிக் காப்பாளரின் கையொப்பம்: பள்ளிக் குழந்தைகளிடம் ஆய்வு செய்வதற்கான ஒப்புதல் படிவத்தின் வரலாறு

சமூக அறிவியல் துறைகளில் முதுகலை ஆய்வேடு எழுதும் மாணவர்கள், களப்பணிக்குச் செல்லும் முன் தம் நிறுவனத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த மின்னஞ்சல்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. எடுத்துக்காட்டாக, தெலங்கானாவின் பழங்குடிப் பகுதியொன்றில் உள்ள உண்டு உறைவிடப் பள்ளியில், எட்டாம் வகுப்பு மாணவியர் 120 பேரிடம் வினாத்தாள் கொடுத்து ஆய்வு செய்ய விரும்பும் ஒரு மாணவியைக் கொள்வோம். விடுதி உணவு, உறக்க நேரம், பள்ளியில் கிடைக்கும் தண்டனை ஆகியவை பற்றிய வினாக்கள் அவை. அவர் இவ்வாறு எழுதக்கூடும்:

"மதிப்பிற்குரிய உறுப்பினர் செயலர் அவர்களுக்கு, மாணவியரின் பெற்றோர் தொலைவிலுள்ள குக்கிராமங்களில் வாழ்கின்றனர், பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலைமையாசிரியரும் விடுதிக் காப்பாளரும் ஆய்வுக்கு இசைந்துள்ளனர். குழந்தைகள் அவர்களுடைய பொறுப்பில் இருப்பதால், பெற்றோருக்குப் பதிலாக அவர்களே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடலாமா என அறிய விழைகிறேன்."

கேள்வி நேர்மையானது. நடைமுறைச் சிக்கலும் உண்மையானது. ஆயினும் இந்திய அறநெறிக் குழு ஒன்று இதற்கு 'ஆம்' என்று எளிதில் விடை சொல்ல இயலாது. அந்த இயலாமைக்குப் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. அதன் முக்கிய அத்தியாயம் இதே நிலப்பகுதியில்தான், அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்தில், எழுதப்பட்டது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்குள் நுழைய நிருவாகம் தருவது அனுமதி. சட்டப்படி முடிவெடுக்கும் உரிமையுள்ள பெற்றோர் தருவது ஒப்புதல். குழந்தை தன் அளவில் புரிந்துகொண்டு தருவது இசைவு. மூன்றும் வெவ்வேறு நபர்களிடமிருந்து வருபவை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. இன்று தெளிவாகத் தோன்றும் இந்தப் பிரிவினை ஒரே நாளில் உருவானதன்று.

1947ஆம் ஆண்டின் நியூரம்பர்க் நெறிகள், ஆய்வுக்கு உட்படுபவர் சட்டப்படி ஒப்புதல் தரத் தகுதியுடையவராக இருக்க வேண்டும் என்றன. சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், குழந்தைகளிடம் ஆய்வே செய்ய முடியாது. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனம் சட்டப்பூர்வப் பாதுகாவலரின் ஒப்புதலை ஏற்று அந்தக் கதவைத் திறந்தது. ஆனால் அதில் குழந்தையின் குரல் இல்லை. 1983ஆம் ஆண்டு வெனிசில் அப்பிரகடனம் திருத்தப்பட்டபோதுதான், ஒப்புதல் தரும் ஆற்றல் குழந்தைக்கு இருக்குமானால், பாதுகாவலரின் ஒப்புதலோடு குழந்தையின் ஒப்புதலும் பெறப்பட வேண்டும் என்ற வரி சேர்ந்தது. குழந்தை 'யாருடைய பொறுப்பிலோ இருக்கும் ஒன்று' என்ற நிலையிலிருந்து 'கேட்கப்பட வேண்டிய ஒருவர்' என்ற நிலைக்கு வந்த இடம் இது. 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விவகாரங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைக்கு அளித்தது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980இல் ஒரு கொள்கை அறிக்கையையும், 2000இல் விரிவான வழிகாட்டு நெறிகளையும், 2006இல் அவற்றின் திருத்திய வடிவத்தையும் வெளியிட்டது. சமூக அறிவியலாளரும் சும்மா இருக்கவில்லை. உடல்நலம் சார்ந்த சமூக அறிவியல் ஆய்வுகளுக்கான அறநெறிகளை, மும்பையின் சேஹத் அமைப்பின் முன்முயற்சியில் உருவான ஒரு தேசியக் குழு 2000இல் வெளியிட்டது. எனவே கம்மத்தில் நடந்ததை விதியில்லாக் காலத்தின் பிழையாகக் கொள்ள முடியாது. பெற்றோரின் ஒப்புதல் தேவை என்பது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. எழுதப்பட்ட விதி ஒரு விடுதியின் வாசலில் எவ்வாறு கரைந்துபோகிறது என்பதற்கான சான்றாகவே அதைக் காண வேண்டும்.

2009ஆம் ஆண்டு ஜூலையில், கம்மம் மாவட்டத்தின் பத்ராசலம், கொத்தகூடம், திருமலாயபாலம் ஆகிய மூன்று மண்டலங்களில், 10 முதல் 14 வயதுடைய ஏறத்தாழ 14,000 சிறுமியருக்கு எச்.பி.வி. தடுப்பூசி செலுத்தும் பணி தொடங்கியது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரசுக்கு எதிரான தடுப்பூசி அது. குஜராத்தின் வதோதரா மாவட்டத்தில் ஏறத்தாழ 10,000 சிறுமியரிடம் இதே திட்டம் வேறொரு நிறுவனத்தின் தடுப்பூசியைக் கொண்டு நடைபெற்றது. 'பாத்' என்னும் அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், இரு மாநில அரசுகள் ஆகியவை இதில் இணைந்திருந்தன. இதற்கு இடப்பட்ட பெயர் 'செயல்விளக்கத் திட்டம்'. மருந்துச் சோதனை என்ற சொல்லை அதை நடத்தியோர் ஏற்கவில்லை. உரிமம் பெற்ற தடுப்பூசியை மக்களிடம் எவ்வாறு கொண்டுசேர்ப்பது என்று ஆராய்வதே நோக்கம் என்றனர். பெயர் இங்கே சிறிய விஷயமன்று. சோதனை எனில் ஒவ்வொரு தாயும் தந்தையும் தனித்தனியே கேட்கப்பட வேண்டும். அரசின் வழக்கமான தடுப்பூசி நாள் எனில், பள்ளி மணி அடித்ததும் குழந்தைகள் வரிசையில் நின்றால் போதும் என்றே ஊழியர் எண்ணுவர். கம்மத்தில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன.

சிறுமியரில் பலர் பழங்குடியினருக்கான ஆசிரமப் பள்ளிகளின் விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். பெற்றோர் அருகில் இல்லை. இந்த இடைவெளியை நிரப்ப, தலைமையாசிரியர்களும் விடுதிக் காப்பாளர்களும் பெற்றோர் சார்பில் படிவத்தில் கையொப்பமிடலாம் என்று மாநில அரசின் சுற்றறிக்கை வழிகாட்டியது. ஒப்புதல் என்ற சொல் படிவத்தில் அப்படியே இருந்தது. அதன் கீழே கையொப்பமும் இருந்தது. கையொப்பத்திற்கு உரியவர் மட்டும் மாறிவிட்டார்.

2010 மார்ச்சில் தில்லியின் 'சமா' என்னும் பெண்கள் நல அமைப்பினர் கம்மம் சென்று விசாரித்தனர். அதற்குள் சில சிறுமியரின் இறப்புச் செய்தி பரவியிருந்தது. ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்தை நிறுத்தி வைத்து, விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. இரு மாநிலங்களிலும் சேர்த்து ஏழு சிறுமியர் இறந்திருந்தனர். அந்த இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பிருப்பதாகத் தெரியவில்லை என்றே விசாரணைக் குழு முடிவு செய்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் இந்த வரலாற்றைத் தடுப்பூசிக்கு எதிரான வாதமாகப் பயன்படுத்துவோர் உண்டு. கம்மம் எழுப்பிய கேள்வி மருந்தின் தரத்தைப் பற்றியதன்று. படிவத்தின் அடியில் யார் பெயர் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

அக்கேள்விக்கான எண்கள், உடல்நலத்திற்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72ஆவது அறிக்கையில் இடம்பெற்றன. ஆந்திரப் பிரதேசத்தின் 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளர்களே கையொப்பமிட்டிருந்தனர். 1,948 படிவங்களில் கைரேகை மட்டுமே இருந்தது. அதாவது பத்துப் படிவங்களில் ஏறத்தாழ மூன்றில், பெற்றோர் என்ற மனிதரே இல்லை. பத்தில் இரண்டில் பெற்றோர் இருந்திருக்கலாம். ஆனால் அவருக்கு அந்தத் தாளை யார் படித்துக் காட்டினார், என்ன சொன்னார் என்பதைத் தாள் சொல்லவில்லை. சாட்சியின் கையொப்பம் இல்லாத படிவங்களும் தேதியே இல்லாத படிவங்களும் இருந்தன.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காப்பாளர் கையொப்பமிட்ட 2,763 படிவங்களும் எங்கோ ஒளித்து வைக்கப்பட்ட மோசடி ஆவணங்கள் அல்ல. அவை முறையாகச் சேகரிக்கப்பட்டுக் கோப்பில் வைக்கப்பட்டவை. கையொப்பமிட்ட காப்பாளர்களில் பலர் அரசு சொன்னதைச் செய்ததாகவே கருதியிருப்பர். தன் விடுதிக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் அதே பொறுப்பில் இதையும் வைத்திருப்பர். ஆனால் அன்றாடப் பராமரிப்பு என்பது வேறு. குழந்தையை ஓர் ஆய்வின் பகுதியாக்கும் அதிகாரம் என்பது வேறு. மகளை விடுதியில் சேர்க்கும் தாய், அவளுக்கு உணவும் பாடமும் தரும் பொறுப்பைத்தான் காப்பாளரிடம் ஒப்படைக்கிறார். பிறருடைய ஆய்வுக்கு அவளை அளிக்கும் உரிமையை ஒப்படைப்பதில்லை.

விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்றது. கல்பனா மேத்தா எதிர் இந்திய ஒன்றியம் என்ற அவ்வழக்கில், நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வியே தனியாக எழுந்து அரசியல் சாசன அமர்வுக்குப் போனது. பார்க்கலாம் என்று 2018 மே மாதம் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். விடுதிகளில் நிரப்பப்பட்ட சில ஆயிரம் படிவங்கள், நாடாளுமன்றத்திற்கும் நீதிமன்றத்திற்கும் இடையிலான எல்லையை வரையறுக்கும் வழக்கு வரை சென்றன.

இதற்கிடையே 2017இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தன் தேசிய அறநெறி வழிகாட்டுதல்களைத் திருத்தி வெளியிட்டது. குழந்தைகள் தொடர்பான ஆய்வுகளுக்கெனத் தனி வழிகாட்டு நூலும் அதே ஆண்டில் வந்தது. குழந்தையின் இசைவுக்கு வயது வரம்பு அவற்றில் தெளிவானது. 7 வயது முதல் 12 வயது வரை வாய்மொழி இசைவு. அது பதிவு செய்யப்பட வேண்டும். 12 முதல் 18 வரை எழுத்து வடிவ இசைவு. பெற்றோரின் ஒப்புதல் இவ்விரண்டிற்கும் மேலாகத் தேவை. ஒரு சமூகத்தின் தலைவரோ நிறுவனத்தின் தலைவரோ வாயிற்காவலர் நிலையிலிருந்து தரும் அனுமதி, தனிநபர் ஒப்புதலுக்கு மாற்றாகாது என்பதும் அதில் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒப்புதல் பெறும்போது, ஆய்வுக் குழுவைச் சாராத சாட்சி ஒருவர் உடனிருந்து கையொப்பமிட வேண்டும்.

இப்போது அந்த மின்னஞ்சலின் கேள்வியை எடுத்துக்கொண்டால், விடையின் பெரும்பகுதி தானே விளங்கும். தலைமையாசிரியரின் கடிதம் தேவை. ஆனால் அது அனுமதிக் கடிதமாக மட்டுமே கோப்பில் சேரும். பெற்றோரின் ஒப்புதல் தனிப் படிவம். எட்டாம் வகுப்பு மாணவியர் பெரும்பாலும் 13 வயதினர் என்பதால், அவர்களுடைய எழுத்து வடிவ இசைவு மூன்றாவது படிவம்.

இந்த எடுத்துக்காட்டில் இன்னொரு காரணமும் உண்டு. வினாத்தாளில் பள்ளியில் கிடைக்கும் தண்டனை பற்றிய கேள்வி இருக்கிறது. குழந்தைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அவ்வாறெனில் யாரைப் பற்றிக் குழந்தையிடம் கேட்கப் போகிறோமோ அவரே, குழந்தையின் சார்பில் 'கேட்கலாம்' என்றோ 'கேட்க வேண்டாம்' என்றோ முடிவெடுப்பவராகிறார். அடிக்கும் வழக்கமுள்ள விடுதியின் காப்பாளர் அந்தக் கேள்வியை நீக்கச் சொல்வார். அல்லது படிவங்களில் கையொப்பமிட்டுவிட்டு வகுப்பறையின் ஓரத்தில் நின்றுகொள்வார். இரண்டாவதுதான் கூடுதல் தீங்கு. அப்போது குழந்தை எழுதும் விடையும் பொய்யாகிறது, இசைவும் பொய்யாகிறது.

பெற்றோரை அடைவது எவ்வாறு என்பதே அடுத்த சிக்கல். பலரும் முன்வைக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு தாள் அனுப்பி, 'விருப்பமில்லையெனில் மட்டும் திருப்பி அனுப்புக' என்று கேட்பது; தாள் வராவிட்டால் ஒப்புதல் என்று கொள்வது. இதற்கு ஆதரவான வாதம் வலுவற்றதன்று. கையொப்பமிட்ட தாள் திரும்பி வந்தால்தான் குழந்தையைச் சேர்ப்போம் என்றால், கவனிப்பார் குறைந்த, சிக்கல் மிகுந்த வீடுகளின் குழந்தைகளே பெரும்பாலும் விடுபடுவர். ஆய்வு யாரைப் பற்றி அறிய வேண்டுமோ அவர்களே காணாமல் போவர். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரிடம் அனுப்பிய தாள் திரும்பி வரவில்லை என்பது எதையும் குறிக்காது. அத்தாள் விடுதியை விட்டே வெளியே போகாமல் இருந்திருக்கலாம். கம்மத்தின் படிவங்களில் குறைந்தது ஒரு பெயராவது இருந்தது. இங்கே அதுவும் இராது.

ஆகவே நடைமுறையில் குழுக்கள் வேறு வழிகளை ஏற்கின்றன. பெற்றோர் விடுதிக்கு வரும் நாட்கள் உண்டு: சேர்க்கை நாள், விடுமுறைக்கு அழைத்துச் செல்லும் நாள், திரும்பக் கொண்டுவந்து விடும் நாள். அந்த நாட்களில் ஆய்வாளர் நேரில் இருந்து, தெலுங்கிலோ கோயா மொழியிலோ படிவத்தைப் படித்துக் காட்டி, பள்ளி ஊழியரல்லாத ஒருவரைச் சாட்சியாக வைத்துக் கைரேகை பெறலாம். இதற்கு நாள் பிடிக்கும். 120 பேரில் 70 பேரின் பெற்றோரைத்தான் சந்திக்க முடியும் என்றால், ஆய்வு 70 பேருடன் நடக்க வேண்டும். விடுபட்டோர் எத்தகையோர் என்பது ஆய்வேட்டில் சொல்லப்பட வேண்டும்.

திரும்பி வந்த படிவங்களைப் பார்த்தே எது நடந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கொடுத்த மறுநாளே அத்தனை படிவங்களும் வந்தால், ஒரே மையில் ஒரே சாய்வில் கையொப்பங்கள் இருந்தால், எல்லாவற்றிலும் ஒரே தேதியும் ஒரே சாட்சியும் இருந்தால், ஒருவர்கூட மறுக்கவில்லையெனில், அவை பெற்றோரிடம் போகவில்லை என்று ஐயுற இடமுண்டு. உண்மையான ஒப்புதலில் சில மறுப்புகள் இருக்கும். சில தாள்கள் கசங்கி, தாமதமாக, மாறுபட்ட தேதிகளுடன் வரும்.

கடைசியாக ஒரு வாக்கியம். மாணவர்களின் படிவங்களில் பெரும்பாலும் 'நீங்கள் எழுதும் எதுவும் எவருக்கும் தெரிவிக்கப்படாது' என்று இருக்கும். பழைய படிவங்களிலிருந்து நகலெடுக்கப்பட்டு வரும் வாக்கியம் இது. 2012 நவம்பரில் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தபின் இதை இப்படியே எழுத முடியாது. அதன் 19ஆம் பிரிவின்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆய்வாளருக்கு இதில் விலக்கில்லை. தண்டனை பற்றிய கேள்விக்குக் கீழே விடப்பட்ட வெற்றிடத்தில் ஒரு சிறுமி வேறொன்றை எழுதிவிட்டால், முழு இரகசியம் என்று வாக்களித்தவர் ஒன்று சட்டத்தை மீற வேண்டும். அல்லது அந்தச் சிறுமிக்குத் தந்த வாக்கை மீற வேண்டும்.

பெயரில்லா வினாத்தாள் இதற்கு முழுத் தீர்வு ஆகாது. பெயர் எழுதிய இசைவுப் படிவத்தையும் பெயரில்லா வினாத்தாளையும் ஒரே வரிசையில் வாங்கி ஒரே உறையில் போட்டால், எது யாருடையது என்று எவரும் கண்டுபிடிக்கலாம். விடுதிக் காப்பாளரும் கண்டுபிடிக்கலாம். எனவே படிவங்கள் முதலில், வேறொரு நாளில் பெறப்பட்டுத் தனியே பூட்டி வைக்கப்பட வேண்டும். வினாத்தாள்கள் மூடிய பெட்டியில் குழந்தைகளாலேயே போடப்பட வேண்டும். இசைவுப் படிவத்தில் வாக்குறுதி அதன் எல்லையோடு சேர்ந்தே வர வேண்டும்: "நீ எழுதுவதை ஆசிரியரிடமோ காப்பாளரிடமோ காட்டமாட்டோம். ஆனால் உனக்கோ வேறொரு குழந்தைக்கோ ஒருவர் பாலியல் தீங்கு செய்வதாக எங்களுக்குத் தெரிய வந்தால், உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்." இதைப் படித்தபின் சில சிறுமியர் எழுதாமல் விடுவர். அந்த இழப்பை ஆய்வு ஏற்கத்தான் வேண்டும். அவர்கள் எழுத வேண்டாம் என்று முடிவு செய்தது, உண்மையை அறிந்தபின் எடுத்த முடிவு. கம்மத்தின் 2,763 படிவங்களில் இடம் இல்லாமல் போனது அத்தகைய முடிவுக்குத்தான்.